மாதம் ஒரு சிறந்த பணியாளர்: ஒன்பது பேர் வேலை செய்யும் இடத்தில் அது என்ன செய்தது

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு சின்ன கேட்டரிங் சமையல்கூடத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தலைமைச் சமையல்காரர், அவருக்குக் கைவேலைக்கு இரண்டு பேர், பொட்டலம் கட்ட இரண்டு பேர், பாத்திரம் கழுவ நேப்பாளத் தம்பி ஒருவர், டெலிவரிக்கு இருவர், ஆர்டர் எடுக்க ஒரு தங்கச்சி. என்னைச் சேர்க்காமல் ஒன்பது பேர். வார நாளில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு போகும். வார இறுதியில் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள். தீபாவளி வந்தால் திறந்த இல்ல உபசரிப்பு ஆர்டர்கள் மூச்சு விட நேரம் தராது. இவ்வளவு சின்னக் குழுவில் "நல்லா வேலை செய்றவங்களைப் பாராட்டணும்" என்ற நல்ல எண்ணம் எப்படி எங்களுக்குள் பிளவை உண்டாக்கியது, அதற்கு எவ்வளவு பணம் போனது, பிறகு எதைச் செய்து சரிப்படுத்தினோம் என்பதை எழுதுகிறேன். அந்த நேரத்தில் யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய கம்பெனிகளில் இதற்கென்று ஓர் ஆள் இருப்பார். எங்களைப் போன்ற இடங்களில் சூப்பர்வைசர்தான் எல்லாமே.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பரிசு நடைமுறையில் இருந்தது. மாதம் ஒருவர், 200 வெள்ளி, கவுண்டர் பக்கச் சுவரில் அவர் படம். முதலாளி நல்ல மனிதர். சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை. பணத்தைப் பிடித்து வைக்கும் ஆளாக இருந்தால் இப்படி ஒரு பரிசே வைத்திருக்க மாட்டார். ஆனால் பரிசு யாருக்கு என்று அவர்தான் முடிவு செய்வார், அவர் சமையல்கூடத்துக்கு வருவது பதினொரு மணி வாக்கில். எங்கள் வேலை விடியற்காலை நாலரைக்குத் தொடங்குகிறது. காய் வெட்டுவது, அரைப்பது, சாதம் இறக்குவது எல்லாம் ஏழரைக்குள் முடியும். எட்டிலிருந்து பத்தரை வரை பொட்டலம் கட்டுவார்கள். பதினொரு மணிக்கு வேன் கிளம்பிவிடும். அவர் வரும்போது அவர் கண்ணில் படுவது போனில் பேசிக்கொண்டிருக்கும் தங்கச்சியும், வேனில் ஏறப்போகும் டெலிவரி தம்பியும்தான். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் "சாப்பாடு அருமை, டெலிவரி சரியான நேரம்" என்று அனுப்பினாலும் அது போய்ச் சேருவது இவர்கள் இரண்டு பேருக்கே. ஆக, படம் மாறி மாறி இந்த இருவருடையதாகவே இருந்தது. அந்தத் தங்கச்சி முதலாளியின் மனைவி வழியில் உறவு வேறு.

அந்தத் தங்கச்சி உண்மையிலேயே நன்றாக வேலை செய்பவள். தகுதி இல்லாத ஆளுக்குப் பரிசு போனது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் முதலாளியிடம் பேசுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அவ நல்லா செய்யலையா?" என்று கேட்பார். செய்கிறாள் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். முதலாளிக்கு எந்த வேலை கண்ணில் படுகிறது, எது படவில்லை என்பதில்தான் ஓரவஞ்சனை உட்கார்ந்திருந்தது. வேலை செய்பவர்களோ அதை அப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். "சொந்தக்காரப் பொண்ணு, கிடைக்கத்தான் செய்யும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள். முந்நூறு பேர் வேலை செய்யும் ஹோட்டலில் மாதம் ஒருவருக்குப் பரிசு கொடுத்தால் மற்றவர்களுக்கு அந்த ஆள் யாரென்றே தெரியாது, கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்பது பேர் உள்ள இடத்தில் யார் என்ன செய்தார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் பெயரைச் சொல்லும்போது மற்ற எட்டு பேரும் தங்கள் வேலையை மனதில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

முணுமுணுப்பு கூடியதும் முதலாளியே ஒரு வழி சொன்னார்: ஓட்டுப் போடுங்கள். அது இன்னும் மோசமாகப் போனது. தமிழ் பேசுகிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டார்கள். மேடானிலிருந்து வந்து கைவேலை செய்யும் அக்காவுக்கும் நேப்பாளத் தம்பிக்கும் ஒரு ஓட்டுகூட விழவில்லை. வாய் சாமர்த்தியம் உள்ளவர் ஜெயித்தார். அதை நிறுத்திவிட்டு அடுத்ததாக வருகைப் பரிசு வந்தது: மாதம் முழுக்க ஒரு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புகூட எடுக்காமல் வந்தவருக்கு 50 வெள்ளி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், கணக்குப் பார்த்தால் போதும். ஆனால் அந்த மாதக் கடைசியில் கைவேலைப் பையன் ஒருவன் வயிற்றுப்போக்கோடு வந்து தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை கழிப்பறைக்கு ஓடியதைப் பார்த்து நான் கேட்ட பிறகுதான் சொன்னான். அரைத்த சட்னி முழுவதையும் கொட்டினேன், அவனை கிளினிக்குக்கு அனுப்பினேன். உணவைக் கையாளும் ஆள் நோயோடு வேலைக்கு வரக்கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளிலேயே இருக்கிறது. டைபாய்ட் ஊசி போடாமல் சமையல்கூடத்தில் ஆள் வைக்கக்கூடாது என்பதும் அதே விதிமுறைதான். 50 வெள்ளிப் பரிசு அந்தப் பையனை நேர் எதிர்த் திசையில் தள்ளியிருந்தது. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: வருகைக்குப் பரிசு வைக்காதீர்கள். எம்சி சட்டப்படி கிடைக்கும் உரிமை, அதை எடுக்காததற்குக் காசு கொடுத்தால் நோயைத்தான் விலைக்கு வாங்குகிறீர்கள்.

உண்மையான அடி புரட்டாசி மாதத்தில் விழுந்தது. பொட்டலம் கட்டுவதில் மூத்த அக்கா ஒருவர் இருந்தார். சைவப் பொட்டலத்துக்குப் பச்சை ரப்பர் பேண்ட், அசைவத்துக்குச் சிவப்பு என்று பிரித்துக் கட்டும் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தத் தாளிலும் எழுதி வைக்கவும் இல்லை. ஒவ்வோர் ஆர்டரிலும் முதல் பொட்டலத்தையும் கடைசிப் பொட்டலத்தையும் திறந்து பார்ப்பார். அவர் இருந்தவரை சைவ ஆர்டரில் தவறு என்று ஒரு புகாரும் வந்ததில்லை. புகார் வராததால் அவர் பெயரும் எங்கேயும் வரவில்லை. புரட்டாசி தொடங்கிய வாரத்தில் மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றார். வேறிடத்தில் சம்பளம் கூடவா என்று கேட்டேன். அதே சம்பளம்தான் என்றார். "நான் பார்சல் கட்டுற இடத்துக்கு பாஸ் எப்பயாச்சும் வந்திருக்காராமா? அந்தச் சுவத்துல படம் வேணும்னு நான் கேக்கல. நான் ஒருத்தி இங்க இருக்கேன்னு தெரியணும்ல" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவர் போன பிறகு என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் கணக்காக எழுதி வைத்தேன். அது பின்னால் உதவியது. புரட்டாசிக்காகச் சைவம் கேட்டிருந்த ஓர் அலுவலகத்துக்கு 60 பொட்டலம் போனது. அதில் சிலவற்றில் கோழி வறுவல். ஒரு பொட்டலம் 12 வெள்ளி, 720 வெள்ளியையும் திருப்பிக் கொடுத்தோம், மறுபடி சமைத்து அனுப்பியதற்கு 300 வெள்ளிக்குக் கிட்டத்தில் ஆனது. விரதம் இருந்தவர்களின் மனம் நொந்ததற்கு என்ன கணக்குப் போடுவது? நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார்கள், ஆனால் அடுத்த மாதத்திலிருந்து அவர்களுடைய ஆர்டர் வரவில்லை. அந்த அக்காவின் இடத்துக்குத் தீபாவளி முடியும்வரை தினக்கூலிக்கு இரண்டு பேர் வைத்தோம். அவருக்குக் கொடுத்திருக்கும் சம்பளத்தைக் கழித்தாலும் 2,000 வெள்ளிக்கு மேல் கூடுதல். மற்றவர்களுக்கு ஓ.டி. 800 வெள்ளியைத் தாண்டியது. எல்லாம் சேர்த்து 4,000 வெள்ளி அளவில், இழந்த வாடிக்கையைச் சேர்க்காமல். மாதம் 200 என்று ஒரு வருடம் முழுக்கக் கொடுத்த பரிசே 2,400தான். நல்ல வேலைக்கு மரியாதை செய்ய ஒதுக்கிய பணத்தைவிட, அந்த ஏற்பாடு சரியில்லாததால் போன பணம் அதிகம்.

அந்தத் தாளைத் தீபாவளிக்குப் பிறகு முதலாளியிடம் கொடுத்தேன். உறவுக்காரப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்திருப்பார், பேச்சு அங்கேயே நின்றிருக்கும். பரிசு வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் வேலை செய்யும் நேரத்தை மட்டும் எழுதினேன். விடியற்காலை நாலரையிலிருந்து பத்தரைக்குள் தங்கள் முக்கிய வேலையை முடிப்பவர்கள் யாருமே அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, அதே 200 வெள்ளிதான். எப்படிக் கொடுக்கணும்னு நீயே பாரு" என்றார். முதலாளியிடம் பேசப் போகிறவர்களுக்கு இது உதவும்: யார் வாங்கினார் என்று விவாதிக்காமல், எந்த நேரத்தில், எந்த மூலையில் நடக்கும் வேலை ஒருமுறைகூடப் பரிசு வாங்கவில்லை என்று காட்டுங்கள்.

முதலில், எதற்குப் பாராட்டு என்பதை மாதம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட முடிவு செய்தேன். முன்பு மாதம் முடிந்த பிறகு ஆளைத் தேடுவோம். அப்படித் தேடும்போது மனதுக்கு நெருக்கமான முகம்தான் முதலில் வரும், காரணத்தை அதற்குப் பிறகு கண்டுபிடித்துக்கொள்வோம். இப்போது மூன்றே வகை. ஒன்று, தவறு வாசலைத் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துச் சரிசெய்வது. இரண்டு, தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. மூன்று, திரும்பத் திரும்ப வரும் ஒரு தொல்லையை இனி வராதபடி செய்வது. இந்த மூன்றையும் நாலரை மணிக்கு வருகிறவரும் செய்யலாம், பதினொரு மணிக்கு வேன் ஓட்டுகிறவரும் செய்யலாம், பாத்திரம் கழுவுகிறவரும் செய்யலாம். வகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வைத்த சோதனையே அதுதான்: ஒன்பது பேரின் வேலையையும் வரிசையாக எடுத்து, இதை இவர் செய்ய வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டேன். வாடிக்கையாளரின் பாராட்டு இதில் தேறவில்லை, ஏனென்றால் அது இரண்டு பேருக்குத்தான் வரும். நீண்ட நேரம் இருந்து வேலை செய்வதையும் சேர்க்கவில்லை. அதற்கு ஓ.டி. உண்டு, சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. அதைக் கொடுக்காமல் பாராட்டை மட்டும் கொடுத்தால் ஆளை ஏமாற்றுவதாகத்தான் ஆகும்.

அடுத்தது நோட்டுப் புத்தகம். பொட்டலம் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண நோட்டு தொங்குகிறது. யார் செய்தது, என்ன செய்தார், எந்த நாள், யார் பார்த்தார் என்று நாலு விஷயம் எழுத வேண்டும். யாரும் எழுதலாம். தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளவும் அனுமதித்தேன், ஏனென்றால் அமைதியாக வேலை செய்கிறவரை வேறு யாரும் கவனிக்காமல் போகலாம். ஆனால் பார்த்தவர் என்று இன்னொருவர் கையெழுத்து வேண்டும். எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் பொதுவான மொழி மலாய்தான். எழுதத் தயங்குகிறவர்கள் மலாயில் சொல்லுவார்கள், நான் எழுதிக்கொள்வேன், நேப்பாளத் தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவான். "நல்லா வேலை செஞ்சார்", "சுறுசுறுப்பா இருந்தார்" என்ற வரிகளை ஏற்றுக்கொள்வதில்லை. என்ன நடந்தது என்று எழுதச் சொல்லித் திருப்பிவிடுவேன். முதல் சில வாரம் இது எல்லாருக்கும் எரிச்சலாக இருந்தது. ஆனால் "நல்ல பையன்" என்பதற்கு இரண்டு பேர் சண்டை போடலாம். "வேன் கிளம்பும் முன் சீட்டில் 40, உள்ளே 35 என்று எண்ணிப் பார்த்துச் சொன்னான்" என்பதில் சண்டைக்கு இடமில்லை, நடந்ததா இல்லையா என்பது மட்டும்தான்.

சனிக்கிழமை பாத்திரமெல்லாம் கழுவி முடித்ததும் தேநீர் குடிக்கும்போது பத்து நிமிடம் அந்த வார வரிகளைப் படிப்பேன். வகைக்குள் வருகிற எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் உண்டு. மாதம் ஒருவர் என்ற எண்ணிக்கையை எடுத்துவிட்டோம். ஒரு வாரம் மூன்று பேர் இருக்கலாம், ஒரு வாரம் யாரும் இல்லாமலும் போகலாம். ஒருவர் வாங்கினால் இன்னொருவருக்குக் குறையும் என்ற நிலைமை போனதும் ஆட்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதத் தொடங்கினார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. போட்டி இருந்தவரை, அடுத்தவர் செய்த நல்லதைச் சொன்னால் தனக்கு நஷ்டம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பரிசாக என்ன கொடுப்பது என்பதற்கு, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன்: முப்பது வெள்ளிக்குள் உங்களுக்கு எது கிடைத்தால் உபயோகமாக இருக்கும்? பதில்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. நேப்பாளத் தம்பிக்கு ஊருக்கு வீடியோ கால் பேச டாப்-அப். டெலிவரி தம்பிகளுக்கு மோட்டாருக்குப் பெட்ரோல். மேடான் அக்காவுக்குக் காசு வேண்டாம், பகலில் பாதி நாள் லீவு வேண்டும். ஆர்டர் எடுக்கும் தங்கச்சி மாலை வகுப்பில் படிக்கிறாள், அவளுக்குப் பரீட்சை வாரத்தில் நாலு மணிக்கே கிளம்ப அனுமதி. தலைமைச் சமையல்காரர் கேட்டது ஒரு காசுகூடச் செலவில்லாதது: வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஒரு பதார்த்தத்தை யாரையும் கேட்காமல் அவரே முடிவு செய்யும் உரிமை. அவ்வளவு வருடம் அடுப்படியில் நின்றவருக்கு அந்த ஒன்று கிடைக்காமல் இருந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதத்தை அப்படியே சொல்கிறேன், செலவு புரியும். தைப்பூசத்துக்கு முந்தைய மாதம். நேப்பாளத் தம்பி கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு பழைய வடிகூடையைப் பொருத்தினான், பருக்கை குழாய்க்குள் போகாது. அதற்கு முன் குழாய் அடைத்துக்கொண்டு 150, 180 என்று ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இது மூன்றாவது வகை, அவனுக்கு 30 வெள்ளி டாப்-அப். மேடான் அக்கா, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வாழை இலையைத் தணலில் வாட்டி, கிழியாமல் மடித்துக் கட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். இது இரண்டாவது வகை, அவருக்குப் பாதி நாள் லீவு. இதற்கும் ஒரு விலை உண்டு: மாதச் சம்பளம் 1,820 வெள்ளி என்றால், வேலைச் சட்டத்தின் கணக்குப்படி அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 70, பாதி நாளுக்கு 35. வேனில் ஐந்து பொட்டலம் குறைந்ததைக் கண்டுபிடித்த தம்பிக்கு 30 வெள்ளிக்குப் பெட்ரோல். போனில் "வர்ற வெள்ளி" என்று ஒருவர் சொன்னதை மறுபடி அழைத்துக் கேட்டு, அது அடுத்த வார வெள்ளி என்று கண்டுபிடித்த தங்கச்சிக்கு இரண்டு நாள் சீக்கிரம் கிளம்ப அனுமதி. கையிலிருந்து போன காசு 60 வெள்ளி, அந்தப் பாதி நாளையும் சேர்த்தால் 95. முன்பு ஒருவருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

தங்கச்சியின் பெயரைப் படித்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு விதி: முதலாளிக்கோ எனக்கோ உறவாக இருப்பவர் பெயர் வந்தால், பார்த்தவர் கையெழுத்து உறவில்லாத ஒருவருடையதாக இருக்க வேண்டும். அந்த வரியில் கையெழுத்துப் போட்டவர் தலைமைச் சமையல்காரர். அந்த ஆர்டரை ஒரு வாரம் முன்னதாகத் தவறாக எடுத்திருந்தால், சமைத்துக் கொட்ட வேண்டியிருந்திருப்பவர் அவர்தான். உறவுக்காரரை அடியோடு ஒதுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். அவள் செய்த வேலைக்கு, அது தவறினால் பாதிக்கப்படக்கூடிய ஒருவரே சாட்சி சொன்னால் போதும்.

நோட்டு இருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. சில மாதம் கழித்து, ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை வரி என்று கோடு போட்டு எண்ணினேன். கைவேலைப் பையனுக்கு ஒன்றுகூட இல்லை. பழைய பழக்கத்தில் "அவன் சுமார்தான்" என்று நினைத்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு நாள் நாலரைக்கே போய் அவன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். அந்த நேரத்தில் அங்கே இருப்பது அவனும் தலைமைச் சமையல்காரரும்தான். அவரோ அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நிற்கிறார். தேங்காய் சப்ளை செய்பவர் கொண்டுவரும் மூட்டையில் ஊசிப்போனதை மோந்து பார்த்தே பிரித்து, எண்ணி, சீட்டில் குறித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாரமும் அந்தச் சீட்டில் காசு கழிந்திருந்தது. கணக்கு பார்க்கும் நான் அதை சப்ளையரின் நேர்மை என்று நினைத்திருந்தேன். ஆகவே யார் பெயராவது காலியாக இருந்தால், அந்த ஆள் வேலை செய்யும் நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். எண்ணும்போது வேலை வகை, மொழி, உறவு, யார் அலுவலக அறைக்குப் பக்கத்தில் உட்காருகிறார் என்று நாலு விதமாகவும் பார்க்கிறேன். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் கனத்திருந்தால் அடுத்த மாதம் நான் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறேன்.

தில்லுமுல்லும் வரும். டெலிவரி தம்பிகள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள்: "லேட் ஆகாமல் போனான்", "வேனைத் துடைத்தான்." அதட்டவில்லை. சனிக்கிழமை அந்த வரிகளைப் படித்துவிட்டு, "இது மூணுல எந்த வகை?" என்று மட்டும் கேட்டேன். வேலையை வேலையாகச் செய்வதற்குச் சம்பளம் இருக்கிறது என்பது அவர்களுக்கே புரிந்தது. இன்னொரு சிக்கல், எல்லார் முன்னாலும் பெயரைப் படிப்பது. மேடான் அக்காவுக்கு அது கூச்சம். முதல் முறை எல்லாரும் கைதட்டியதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதிலிருந்து அவர் செய்ததை மட்டும் படிக்கிறேன், பெயரைச் சொல்வதில்லை, தனியாக அவரிடம் போய்ப் பேசுகிறேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாராட்டையும் இப்போது கவுண்டரோடு நிறுத்துவதில்லை. அந்த ஆர்டரில் யார் யார் கைபட்டதோ அவர்கள் அத்தனை பேருக்கும் தங்கச்சியே சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள், காய் வெட்டியவரிலிருந்து.

எதையெல்லாம் பரிசாகக் கொடுக்கக்கூடாது என்பதும் பட்டுத்தான் தெரிந்தது. மிஞ்சிய சாப்பாட்டைப் பரிசு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். எங்கள் ஆட்கள் மிஞ்சியதை எப்போதும் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், அதற்குப் பரிசு என்று பெயர் வைத்தால் மனம் கசக்கும். வழுக்காத காலணி, கையுறை, ஏப்ரன் இதெல்லாம் முதலாளி கொடுத்தே ஆக வேண்டியவை, பரிசுப் பட்டியலுக்குள் வரவே கூடாது. தீபாவளி, தைப்பூச லீவையும் பரிசாக வைக்காதீர்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி தண்ணீர்மலைக்குப் போகும் அன்று யாருக்குத்தான் வேலையில் இருக்க மனம் வரும்? தண்ணீர்ப் பந்தல் ஆர்டர்களும் அப்போதுதான் குவிகின்றன. அந்த லீவைச் சுழற்சி முறையில் பட்டியல் போட்டு முன்கூட்டியே ஒட்டிவிடுகிறேன், போன வருடம் வேலை செய்தவர் இந்த வருடம் முதலில்.

பணமாகக் கொடுப்பதில் ஒரு கணக்கு விஷயம் இருக்கிறது. மாதாமாதம் ஊக்கத்தொகையாகக் காசு கொடுத்தால் அது இபிஎஃப் கணக்கில் சம்பளத்தோடு சேரும். 5,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்கும் உள்நாட்டு ஊழியருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஊழியரிடமிருந்து 11 விழுக்காடு பிடித்தம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு விகிதம் வேறு. 200 வெள்ளிப் பரிசைக் கையில் கொடுத்துவிட்டு சம்பளச் சீட்டில் காட்டாமல் விடுவது எங்களைப் போன்ற சின்ன இடங்களில் சர்வசாதாரணம், பின்னால் தணிக்கை வந்தால் தலைவலி. அதனால் பணம் என்று வந்தால் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டுகிறோம், பெட்ரோல், டாப்-அப் ரசீதுகளைத் தேதியும் நோட்டுப் பக்கமும் குறித்துக் கோப்பில் வைக்கிறோம். அதே கோப்பு, யாராவது "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டால் எடுத்துக் காட்டவும் உதவுகிறது. இதுவரை கேட்டவர்கள் இருக்கிறார்கள், நான் எடுத்துக் காட்டியும் இருக்கிறேன்.

இந்த முறையால் ஆகாதது ஒன்றும் உண்டு. தேங்காய் மூட்டை பார்த்த அந்தப் பையன் பெயர் அதற்குப் பிறகு தொடர்ந்து நோட்டில் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் எப்போதாவது நல்லது செய்தால் 30 வெள்ளி சரி. மாதாமாதம் செய்தால் அது அவருடைய வேலையாகவே மாறிவிட்டது என்று அர்த்தம், அதற்கு டாப்-அப் கொடுத்துக்கொண்டிருப்பது அவமரியாதை. நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பி, சரக்கு சரிபார்க்கும் பொறுப்பை அவனுக்கே கொடுத்து, குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் இருந்தவனுக்கு மாதம் 120 வெள்ளி கூட்டிக் கேட்டேன். முதலாளி ஒத்துக்கொண்டார். கூடவே, வாரம் ஒரு நாள் தானும் ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார். வருகிறார். வரும் அன்று பொட்டலம் கட்டும் மேசையில் நின்று, பச்சை ரப்பர் பேண்ட் போட்ட ஆர்டரில் முதல் பொட்டலத்தையும் கடைசிப் பொட்டலத்தையும் அவரே திறந்து பார்க்கிறார்.